மழலைக்கு மறுமொழி ஏன்?

ஏறத்தாழ 6 முதல் 10 மாதங்களுக்குள் குழந்தை ‘பாபாபா’, ‘மாமாமா’ என மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளை அடுக்கத் தொடங்குகிறது. இதனை அசைமழலை எனலாம். தாடை ஏறி இறங்குவதே இவ்வொலிகளுக்கு ஏறக்குறையப் போதும். பெரியவர் ஓரிரு நொடிக்குள் அதே அசையைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், தன் குரல் மறுமொழியை வரவழைப்பதை உணரும் குழந்தை மேலும் தெளிவாக ஒலிக்க முயல்கிறது. ஓயாது பாடும் கைப்பேசி இந்த இடைவெளியைத் தருவதில்லை. ‘மம்மு’ போன்ற செல்லச்சொற்களாலும் தீங்கில்லை, சுட்டும் பொருள் கண்முன் இருப்பின்.

காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் குரலெழுப்பும் என்பதால் பெற்றோர் ஏமாறுவதுண்டு. ஆகவே 10 மாதமாகியும் அசைகள் எழாவிடில், இந்த மறுமொழி விளையாட்டை நம்பிக் காத்திராமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவித்திறனைச் சோதிப்பதே முறை.