அடிக்கடி உருகும் பியூஸ் கம்பி: மிகைச் சுமையா, தளர்ந்த இணைப்பா?

ஒரு கட்டடத்தின் பியூஸ் கம்பி எப்போதோ ஒருமுறை உருகிப்போவது கவலைக்குரியதன்று. அக்கம்பி தன் கடமையைச் செய்தது என்றே கொள்ளலாம். ஆனால், புதிய கம்பி கட்டிய சில நாட்களுக்குள் அது மீண்டும் மீண்டும் உருகுமாயின், காரணத்தை ஆராயாமல் கம்பியை மட்டும் மாற்றுவது போதாது. இத்தகைய வேளைகளில், "சுமை அதிகம், கம்பிதான் மெல்லியது" என்று முடிவு செய்து, பருமனான கம்பியைக் கட்டிவிடும் வழக்கம் பல இடங்களிலும் காணப்படுகின்றது. சுமை உண்மையிலேயே அதிகமாயிருந்தால் இச்செயல் சுவருக்குள் செல்லும் மின்கம்பிகளைச் சூடேற்றும். சுமை அளவோடிருந்து, கோளாறு பியூஸின் இணைப்பிலேயே இருந்தாலோ, தீ விபத்துக்கே வழிகோலும். ஆகவே இவ்விரு காரணங்களையும் பிரித்தறிதல் வேண்டும்.

புதிய கட்டடங்களில் தானியங்கி மின்தடுப்புச் சுவிட்சுகள் இப்போது பெருவழக்காகிவிட்டன. எனினும், பழைய பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் கம்பி மாற்றிக் கட்டும் பீங்கான் பியூஸ்கள் இன்னும் பயன்பட்டு வருகின்றன. இவ்வகைப் பியூஸில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, பலகையில் நிலையாகப் பொருத்தப்பட்ட அடிப்பகுதி. மற்றொன்று, கையால் பற்றி வெளியே எடுக்கக்கூடிய கேரியர். கேரியரின் இரு முனைகளிலும் பித்தளைத் தகடுகள் உள்ளன. அவை அடிப்பகுதியிலுள்ள பித்தளைக் கவ்விகளுள் இறுக்கமாகச் செருகிக் கொள்ளும். இரு தகடுகளையும் இணைத்துத் திருகாணிகளால் கட்டப்படுவதே வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியாகும்.

கம்பி எங்கே உருகுகின்றது?

மின்னோட்டம் செல்லும்போது கம்பியின் நீளம் முழுவதிலும் வெப்பம் ஏறத்தாழ ஒரே சீராக உண்டாகின்றது. ஆனால், இரு முனைகளிலும் உள்ள பித்தளை அவ்வெப்பத்தில் ஒரு பகுதியை உறிஞ்சி வெளியே கடத்திவிடுகின்றது. நடுப்பகுதிக்கு அவ்வசதி இல்லை. எனவே, சுமை மிகும்போது கம்பியின் நடுப்பகுதியே முதலில் உருகி அறுபடும். அறுந்த நுனிகளில் சிறு உருண்டைகள் தோன்றும்; பித்தளை முனைகள் நிறம் மாறாமலிருக்கும்.

இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தால் நிலைமை தலைகீழாகின்றது. தளர்ந்த இடத்தில் உலோகங்கள் ஒன்றையொன்று சில புள்ளிகளில் மட்டுமே தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அப்புள்ளிகளின் வழியே செல்ல நேர்வதால் அங்கே தடை மிகுந்து வெப்பம் உண்டாகின்றது. கம்பியைக் குளிரச் செய்ய வேண்டிய பித்தளை முனையே அடுப்புப்போல் ஆகிவிடுகின்றது. அம்முனையை ஒட்டிய கம்பி கறுத்து நலிந்து, சுமை அளவோடிருக்கும்போதே அறுந்து போகின்றது. ஒவ்வொரு முறையும் அதே முனையில் அறுவது இக்கோளாற்றின் தெளிவான அடையாளம்.

கம்பி முழுவதும் ஆவியாகிப் பீங்கானின்மீது கரியும் உலோகத் துளிகளும் படிந்திருந்தால், அது இவ்விரண்டில் எதுவுமன்று. குறுக்கு மின்சுற்று ஏற்பட்டதன் விளைவாகும். அந்நிலையில் கோளாற்றைக் கண்டு நீக்காமல் மறுபடி கம்பி கட்டலாகாது.

ஒரு பலகை, இரு பியூஸ்கள்

ஓர் உயர்நிலைப் பள்ளியின் மெயின் சுவிட்சுக்கு அருகில் இரு பியூஸ்கள் இருப்பதாகக் கொள்ளலாம். முதலாவது ஆசிரியர் அறைக்கு உரியது. 5 ஆம்பியர் கம்பி கட்டப்பட்டது. இரண்டாவது வகுப்பறைகளுக்கு உரியது. 10 ஆம்பியர் கம்பி கட்டப்பட்டது. இரண்டுமே அடிக்கடி உருகுகின்றன.

முதலாவது பியூஸ் காலை இடைவேளையில் மட்டுமே உருகுகின்றது. கம்பி நடுவில் அறுந்திருக்கின்றது. அறையிலுள்ள விளக்குகளும் விசிறிகளும் சேர்ந்து 400 வாட். இடைவேளையில் தேநீருக்காக 1500 வாட் மின் அடுப்பு ஒன்றும் இயக்கப்படுகின்றது. மொத்தம் 1900 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 8.3 ஆம்பியர் கிடைக்கின்றது. 5 ஆம்பியர் என்று குறிக்கப்பட்ட 0.2 மில்லிமீட்டர் கம்பி, 5 ஆம்பியரைத் தாண்டியவுடன் உருகிவிடுவதில்லை. ஏறத்தாழ 7 அல்லது 8 ஆம்பியர் தொடர்ந்து சென்றாலே உருகும். அடுப்பைப் போட்டவுடன் உருகாமல் சில நிமிடங்கள் கழித்து உருகுவதன் காரணம் இதுவே. அடுப்பை நிறுத்தி வைத்த வாரத்தில் பியூஸ் ஒருமுறையும் உருகவில்லை. இது உண்மையான மிகைச் சுமை. அடுப்புக்குத் தக்க பருமனுள்ள மின்கம்பியுடன் தனி மின்சுற்று அமைப்பதே இதற்குப் பரிகாரம். பியூஸ் கம்பியைப் பருமனாக்குவதன்று.

இரண்டாவது பியூஸின் போக்கு வேறு. அது நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை, குறிப்பிட்ட வேளை எதுவுமின்றி, எல்லாம் நெடுநேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உருகுகின்றது. பத்து விசிறிகள் 75 வாட் வீதம் 750 வாட். எட்டுக் குழல் விளக்குகள் சோக்குடன் சேர்த்து 50 வாட் வீதம் 400 வாட். மொத்தம் 1150 வாட். அதாவது 5 ஆம்பியர். விசிறி, சோக்கு ஆகியவற்றின் இயல்பால் உண்மை மின்னோட்டம் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாயிருக்கும். அதனை 6 ஆம்பியர் எனலாம். 10 ஆம்பியருக்குரிய 0.35 மில்லிமீட்டர் கம்பியோ ஏறத்தாழ 16 ஆம்பியரில்தான் உருகும். எனவே சுமை காரணமாயிருக்க முடியாது. மெயின் சுவிட்சை நிறுத்திக் கேரியரை எடுத்துப் பார்த்தபோது, கம்பி மேல்முனைத் திருகாணியை ஒட்டி அறுந்திருந்தது. அம்முனைத் தகடு நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. கீழ்முனைத் தகடு பளபளப்பாகவே இருந்தது. அடிப்பகுதியின் மேற்கவ்வி அகன்று, கேரியர் அதனுள் தடையின்றி நழுவிச் சென்றது. காரணம் அங்கேயே வெளிப்பட்டுவிட்டது.

சிறு தடை, பெரு வெப்பம்

தளர்ந்த அக்கவ்வியில் தடை 0.3 ஓம் மட்டுமே என்று கொள்ளலாம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பத்தின் அளவு கிடைக்கும். 6 × 6 × 0.3 = 10.8 வாட். சிறு ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோல் ஒன்றின் ஆற்றல் 25 வாட் அளவினது. அதில் பாதியளவு வெப்பம் விரல்நுனியளவு பித்தளைக்குள் இடைவிடாமல் எழுந்துகொண்டிருக்கின்றது. வெப்பத்தால் கவ்வி தன் வில்லிறுக்கத்தை இழக்கின்றது. பித்தளையின்மீது ஆக்ஸைடு படலம் படிகின்றது. அதனால் தடை மேலும் பெருகி, வெப்பமும் பெருகுகின்றது. எனவே இக்கோளாறு தானாகச் சரியாவதில்லை, நாள்தோறும் வளர்வது.

இதில் கவனிக்கத்தக்கது மற்றொன்று உண்டு. 6 ஆம்பியர் 0.3 ஓம் தடையில் இழக்கும் மின்னழுத்தம் 1.8 வோல்ட் மட்டுமே. 230 வோல்ட்டில் இது கண்ணுக்குத் தெரியாது. விளக்குகள் மங்குவதில்லை, விசிறிகள் மெதுவாவதில்லை. மின்னோட்டமும் கூடவில்லை. மிகுந்த மின்னோட்டத்தைத் தடுப்பதற்கென்றே அமைந்த பியூஸ், தன் இணைப்பில் எழும் இவ்வெப்பத்திலிருந்து கட்டடத்தைக் காக்க இயலாது. மெல்லிய கம்பி நலிந்து அறுவது ஒன்றே எச்சரிக்கை. கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டினால் அவ்வெச்சரிக்கையும் ஒழிகின்றது. கம்பி அறாது, ஆனால் கவ்வி தொடர்ந்து சூடாகிப் பீங்கான் வெடிக்கும், மின்கம்பியின் மேலுறை கருகும், மரப்பலகையும் தீப்பற்றக்கூடும்.

சோதிக்கும் முறை

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும். சுவிட்சு நிறுத்தப்பட்ட பின்பும் அதற்கு முன்னுள்ள முனைகளில் மின்சாரம் இருக்குமாதலால் அவற்றைத் தொடலாகாது. சுற்று ஒரு மணி நேரம் முழுச் சுமையுடன் இயங்கிய பின் நிறுத்திக் கேரியரை எடுத்து, அதன் இரு முனைகளுக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டுசென்று பார்க்கலாம். மிகைச் சுமையாயின் இரு முனைகளிலும் வெப்பம் ஏறத்தாழச் சமமாயிருக்கும். தளர்ந்த இணைப்பாயின் ஒரு முனை மட்டும் தெளிவாகச் சுடும்.

சூடான முனையில் மூன்று இடங்களை ஆராய்தல் வேண்டும்: கம்பியைப் பிடிக்கும் கேரியரின் திருகாணி, தகடும் கவ்வியும் சேருமிடம், அடிப்பகுதியில் கட்டட மின்கம்பி வந்து சேரும் திருகாணி. மூன்றாவது இடத்தில் அலுமினியக் கம்பி இருந்தால் தனிக் கவனம் தேவை. அலுமினியம் அழுத்தத்தின்கீழ் மெல்ல மெல்ல நசுங்கி நகரும் இயல்புடையது. இறுக்கிய திருகாணி நாளடைவில் தானே தளர்ந்துவிடும்.

கம்பி ஒரு முனையில் அறுந்திருந்தும் பித்தளை நிறம் மாறாதிருந்தால், இணைப்பைக் குறை கூறலாகாது. திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கியதால் கம்பி நசுங்கியிருக்கலாம். அல்லது விறைப்பாக இழுத்துக் கட்டியதால் மெலிந்திருக்கலாம். கம்பியைத் திருகாணி சுழலும் திசையிலேயே சுற்றி, சற்றுத் தளர்வாக விட்டுக் கட்டினால் இக்குறை நீங்கும்.

சீர் செய்தல்

வெறும் திருகாணி தளர்ந்திருந்து, பித்தளை நிறம் மாறாதிருந்தால், சுத்தம் செய்து இறுக்குவது போதும். நிறம் மாறிய கவ்வியை உப்புத்தாளால் தேய்த்து, குறட்டால் நெருக்கிவிடுவது பயன் தராது. ஒருமுறை இழந்த வில்லிறுக்கம் மீளாது. அடிப்பகுதியையும் கேரியரையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். சூட்டால் மேலுறை இறுகிப்போன மின்கம்பியின் நுனியை வெட்டி நீக்கி, புதிய உலோகப் பகுதியை இணைத்தல் வேண்டும். இவ்வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது. அவர் வேலைக்குப் பின் சுமையுடன் பியூஸின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தையும் அளந்து பார்க்கலாம். மேற்கூறிய 6 ஆம்பியர் சுற்றில் நல்ல நிலையிலுள்ள பியூஸ் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவையே காட்டும்.

சில இடங்களில் இரு காரணங்களும் ஒன்றாயிருத்தல் கூடும். நெடுநாள் மிகைச் சுமையே கவ்வியைத் தளரச் செய்திருக்கலாம். ஆகவே, பியூஸை மாற்றிய பின்பும் சுமையை ஒருமுறை கூட்டிப் பார்த்தல் வேண்டும். அறுந்த கம்பியை எறிந்துவிடாமல், அது அறுந்த நாள், வேளை, இடம் ஆகியவற்றைப் பலகைக்கு அருகில் ஒரு தாளில் குறித்து வைத்தால், அடுத்து வரும் மின்பணியாளர் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.