பஜ்ஜி எண்ணெய் புகையுதா? எப்போ கொட்டணும்?

நைனார்பாளையம் டீக்கடையோ, உங்க வீட்டு அடுப்போ, பஜ்ஜி பொரிய சுமார் 180 டிகிரி செல்சியஸ் சூடு போதும். புது ரீஃபைண்ட் கடலை எண்ணெய் புகைய ஆரம்பிப்பது ஏறக்குறைய 230 டிகிரியில். நடுவில் இருக்கும் அந்த 50 டிகிரிதான் நமக்குப் பாதுகாப்பு.

ஒவ்வொரு ஈடு போடும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மாவில் உள்ள தண்ணீர், சூட்டில் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துவிடுகிறது. இவை சீக்கிரமே புகையும். நேற்று புகையாத அதே தீயில் இன்று புகை வந்தால், அந்த எண்ணெயின் கதை முடிந்தது.

நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மாவில் இருக்கும் மிளகாய்த்தூள் உதிர்ந்தாலே எண்ணெய் கறுத்துவிடும். பஜ்ஜியை எடுத்த பிறகும் அடங்காத நுரை, ஆறியதும் பிசுபிசுப்பு, சிக்கு வாடை இருந்தா யோசிக்கவே வேண்டாம். மேலே புது எண்ணெய் ஊற்றினாலும், உடைந்தது உடைந்ததுதான். அது வாணலியிலேயே இருக்கும்.

கடைகளுக்குச் சட்டமே உண்டு. இப்படிச் சிதைந்து உருவாகும் 'போலார் சேர்மங்கள்' 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதி. இதை அளக்க, எண்ணெயில் முக்கிப் பார்க்கும் மீட்டர் இருக்கிறது. வீட்டில் அது ஏது? அங்கே புகையும் நுரையும்தான் மீட்டர்.