தவழ்ந்து வந்தார் என்று எழுதும் முன்

தஞ்சாவூரோ, திருவாரூரோ, நாகப்பட்டினமோ, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும்போது கேமராக்கள் தேடும் காட்சி ஒன்று உண்டு. கையில் மனுவோடு தரையில் தவழ்ந்து வரும் மாற்றுத்திறனாளி. மறுநாள் மாவட்டப் பக்கத்தில் ‘தவழ்ந்து வந்து மனு கொடுத்த பரிதாபம்’ என்று படத்தோடு செய்தி வரும். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள் வந்துவிட்டால் அதே பக்கத்தில் ‘குறையை வென்ற சாதனையாளர்’. ஒன்று அழவைக்கிறது, மற்றொன்று கைதட்ட வைக்கிறது. ஆனால் யார் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார் என்ற கேள்வி இரண்டிலுமே விடுபட்டுப் போகிறது.

மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர் நிபுன் மல்ஹோத்ரா ஒரு இந்தித் திரைப்படத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய சித்தரிப்பைப் பற்றித் தெளிவாகப் பேசியது. ‘அவதிப்படுபவர்’, ‘பாதிக்கப்பட்டவர்’ போன்ற சொற்கள் சிக்கலை அந்த மனிதரின் உடலுக்குள் அடைத்துவிடுகின்றன, சமூகம் போட்ட தடைகளை மறைக்கின்றன என்றது. அசாதாரண சக்தி கொண்டவராகக் காட்டுவதும் தவறு என்றது. காட்சி ஊடகத்துக்குச் சொன்னதுதான். ஆனாலும் செய்தித்தாளுக்கும் அப்படியே பொருந்தும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். போலியோவால் கால்கள் செயலிழந்த ஒருவர் பாபநாசம் பக்கம் 3 ஏக்கரில் குறுவை சாகுபடி செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிருபர் போகிறார். ‘கால்கள் முடங்கினாலும் நம்பிக்கை முடங்காத விவசாயி’ என்று தலைப்பு மனத்தில் தயாராக இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அவரிடம் விவசாயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். உடன் வந்த அண்ணனிடம் அல்ல, அவரிடமே. என்ன ரகம், நடவுக்கு ஆள் எங்கிருந்து, வரப்பில் போக முடியாத வயலை எப்படி மேற்பார்வை பார்க்கிறார், பயிர்க்கடன் எங்கே வாங்கினார்?

பதில்கள் இரண்டு வகையாகப் பிரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பி அனுப்புவதும், சாலையில் கொட்டிக் காயவைத்துக் காத்திருப்பதும் டெல்டா விவசாயிகள் எல்லோருக்கும் உள்ள தொல்லை. அதை அவருடைய உடலோடு முடிச்சுப்போடக் கூடாது. கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வாசலில் சாய்தளம் இல்லாமல், செயலாளர் வெளியே வரும்வரை மூன்று சக்கர ஸ்கூட்டரிலேயே வெயிலில் உட்கார்ந்திருப்பது அவருக்கு மட்டும் நேரும் அநீதி. செய்தி அங்கேதான் இருக்கிறது. தொடக்க வரி இப்படி அமையலாம்: ‘பாபநாசம் பகுதியில் குறுவை விவசாயி ஒருவர் கூட்டுறவுச் சங்கத்துக்குள் நுழைய முடியாமல், பயிர்க்கடன் படிவத்தில் வாசலிலேயே கையெழுத்திட்டார்.’ போலியோ என்ற தகவல் மூன்றாவது வரியில் வந்தால் போதும். அடுத்து சங்கச் செயலாளரின் பதில் வேண்டும். அது இல்லாமல் செய்தி முடியாது.

கலெக்டர் அலுவலகத்துக்கும் இதே வழிதான். ஏன் தவழ்ந்தார்? வாசலில் சக்கர நாற்காலி இல்லையா, இருந்தும் தள்ள ஆளில்லையா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கதாக மாற்ற விதிகள் வெளியானதிலிருந்து 5 ஆண்டு கெடு வைத்தது. விதிகள் 2017-இல் வந்தன. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. மனுவில் என்ன இருந்தது என்பதையும் படிக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வரவில்லை என்பதாக இருந்தால், எப்போது விண்ணப்பித்தார், எந்த மேசையில் நிற்கிறது என்பதே செய்தி. சிலர் எதிர்ப்பைக் காட்டவே தவழ்ந்து வருவார்கள். அப்போது அதைப் போராட்டம் என்றே எழுதுங்கள், பரிதாபம் ஆக்காதீர்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். நின்றபடி மேலிருந்து எடுக்காமல், குனிந்து அவர் கண்மட்டத்தில் எடுங்கள்.

அப்படியானால் சாதனையே எழுதக் கூடாதா? எழுதலாம், சாதனையாக எழுத வேண்டும். சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய வீரரிடம் ஓட்டத்தையும் பயிற்சியையும் போட்டியாளர்களையும் பற்றிக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. சிறுவயதில் நடந்த பேருந்து விபத்திலேயே கட்டுரை பாதி கழிந்துவிட்டால் அந்த விளையாட்டுக்கு இடமிருக்காது.

மாவட்ட நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். மனுவின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே அலுவலகத்தில் அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்டு, கிடைத்த பதிலை முதல் செய்தி வந்த அதே அளவில் போடுங்கள்.