சதுரத்தின் விளிம்பில் நிற்கும் அலை

கால்சியம் அணு ஒவ்வொன்றுக்கும் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள் உண்டு. திண்மப் பொருளில் எலக்ட்ரான்கள் எப்படி நிரம்புகின்றன என்று மேலோட்டமாகக் கணக்குப் போட்டால், அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் தரும் பொருள் மின்சாரத்தைக் கடத்தவே கூடாது. ஆனால் கால்சியம் கடத்துகிறது, மக்னீசியமும் கடத்துகிறது. கணக்கு எங்கே இடறுகிறது என்பதை அளவுகோலும் காம்பஸும் கொண்டு ஒரு தாளில் வரைந்தே பார்த்துவிடலாம்.

படிகத்துக்குள் எலக்ட்ரான் ஓர் அலையாகப் பரவுகிறது என்பதை 1928இல் ஃபெலிக்ஸ் பிளாக் காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1930இல், பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் பிரில்லுவான், அந்த அலைகளின் ஆற்றல் சில குறிப்பிட்ட எல்லைகளில் திடீரென்று தாவுகிறது என்பதைக் கண்டு, அந்த எல்லைகளை வரையும் வழியையும் சொன்னார். அவற்றில் உள்ளே இருக்கும் பகுதியே முதல் பிரில்லுவான் மண்டலம். எளிதில் வரையக்கூடியது, அணுக்கள் சதுரக் கட்டங்களாக அமைந்த ஒரு தளத்தின் மண்டலம்.

அணுக்கள் குறுக்கிலும் நெடுக்கிலும் a என்ற இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். உண்மையிலேயே இப்படிப்பட்ட தளங்கள் உண்டு. உயர்வெப்ப மீகடத்திகளில் இருக்கும் செம்பு ஆக்சைடு அடுக்கில் செம்பு அணுக்கள் ஏறக்குறைய 0.38 நானோமீட்டர் இடைவெளியில் சதுரமாக நிற்கின்றன. ஆனால் நாம் வரையப்போவது அணுக்கள் இருக்கும் இடத்தின் படம் அல்ல, அலைகளின் படம். இதில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலையைக் குறிக்கும். மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்கு வரையும் அம்பு அலை செல்லும் திசையைக் காட்டும். அம்பின் நீளம் 2π/λ. அலைநீளம் குறையக் குறைய அம்பு நீளும். இந்த அம்புக்கு அலை வெக்டர் என்று பெயர். அதை k என்று எழுதுவார்கள்.

இந்தப் படத்தில் முதலில் குறிக்க வேண்டியவை சில சிறப்புப் புள்ளிகள். எல்லா அணுக்களின் மீதும் ஒரே கட்டத்தில் இருக்கும் அலைகளை, அதாவது ஓர் அணுவின் மேல் முகடு என்றால் எல்லா அணுக்களின் மேலும் முகடாக இருக்கும் அலைகளைத் தேடுவோம். குறுக்குத் திசையில் அலைநீளம் a ஆக இருக்கும் அலை அப்படிப்பட்டது. அதன் அம்பின் நீளம் 2π/a. நெடுக்குத் திசையிலும் அப்படியே. இந்த இரண்டையும் வேண்டிய மட்டும் கூட்டியும் கழித்தும் பெறும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து 2π/a இடைவெளி கொண்ட ஒரு சதுர வலையாகும். இதுவே தலைகீழ் அணிக்கோவை. அணுக்கள் நெருங்கினால் இந்த வலை விரியும். அணுக்கள் விலகினால் இது சுருங்கும்.

இனி மண்டலத்தை வரையலாம். மையப் புள்ளியிலிருந்து வலம், இடம், மேல், கீழ் ஆகிய நான்கு பக்கத்துப் புள்ளிகளுக்கும் கோடு இழுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் மையக்குத்துக்கோடு வரையுங்கள். நான்கும் மையத்திலிருந்து π/a தொலைவில் விழும். அவை அடைக்கும் பகுதி, பக்கம் 2π/a உடைய ஒரு சதுரம். அடுத்து மூலைவிட்டத் திசையில் இருக்கும் நான்கு புள்ளிகளையும் சோதிக்க வேண்டும். அவற்றுக்கான மையக்குத்துக்கோடுகள் மையத்திலிருந்து √2π/a தொலைவில் செல்கின்றன. சதுரத்தின் மூலை இருப்பதும் அதே தொலைவில்தான். ஆகவே அந்தக் கோடுகள் மூலையைத் தொட்டுச் செல்கின்றன, சதுரத்தை வெட்டுவதில்லை. அதற்கும் அப்பால் உள்ள புள்ளிகளின் கோடுகள் இன்னும் தள்ளியே விழும். சதுரம் முடிந்துவிட்டது.

ஓர் ஊரில் கிணறுகள் சதுர வரிசையில் இருந்தால், ஒரு கிணற்றுக்கு மற்றெல்லாக் கிணறுகளையும்விட அருகில் இருக்கும் வீடுகளே அந்தக் கிணற்றின் எல்லைக்குள் வரும். நாம் அடைத்ததும் அதே வகை எல்லைதான்: மையப் புள்ளிக்கே மிக அருகில் உள்ள இடம்.

வரைந்தது சரியா என்று பார்க்கப் பரப்பளவே போதும். வலையின் ஒரு கட்டத்தின் பரப்பும் மண்டலத்தின் பரப்பும் சமமாக இருக்க வேண்டும்: (2π/a)². கோட்டின் நடுவில் வரையாமல் பக்கத்துப் புள்ளியின் மேலேயே கோடு போட்டுவிட்டால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். நான்கு பக்கத்துப் புள்ளிகளையும் இணைத்துச் சாய்ந்த சதுரம் வரைந்தால் இரண்டு மடங்கு வரும். மாணவர்கள் அதிகம் செய்யும் பிழைகள் இவை. எண்ணைப் பார்த்த உடனே பிடித்துவிடலாம்.

ஏன் மையக்குத்துக்கோடு? இந்த வரைமுறையின் பொருள் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மையக்குத்துக்கோட்டின் மீதுள்ள எந்தப் புள்ளியும் மையத்திலிருந்தும் பக்கத்துப் புள்ளியிலிருந்தும் சம தூரத்தில் இருக்கும். பக்கத்துப் புள்ளிக்கான அம்பை G என்போம். அப்படியானால் k என்ற அம்பும் k − G என்ற அம்பும் ஒரே நீளம் உடையவை. கட்டற்ற எலக்ட்ரானின் ஆற்றல் அம்பின் நீளத்தை மட்டுமே பொறுத்தது. எனவே இரண்டு அலைகளுக்கும் ஒரே ஆற்றல். படிகமோ ஒரு அலையை இன்னொரு அலையாக மாற்றும்போது தன் வலைக்கு உரிய G அளவு மட்டுமே கொடுக்கவோ வாங்கவோ முடியும். ஆகையால் விளிம்பில் இருக்கும் எலக்ட்ரான், ஆற்றல் சிறிதும் மாறாமல், இன்னொரு திசையில் செல்லும் அலையாகச் சிதற முடிகிறது. எக்ஸ் கதிர்கள் படிகத்தில் பட்டுத் தெறிப்பதற்குப் பிராக் சொன்ன நிபந்தனையும் இதுவே. மண்டல விளிம்பு என்பது பிராக் நிபந்தனையின் படம்.

வலப்பக்க விளிம்பின் நடுப்புள்ளியில் இது தெளிவாகத் தெரியும். அந்தப் புள்ளிக்கு X என்று பெயர். அங்கே k = π/a, அலைநீளம் 2a. இந்த அலை ஓர் அணு வரிசையில் பட்டுத் திரும்பும்போதும் அடுத்த வரிசையில் பட்டுத் திரும்பும்போதும், இரண்டாவது அலை போக வர 2a தூரம் கூடுதலாகப் பயணிக்கிறது. அது சரியாக ஓர் அலைநீளம். திரும்பும் அலைகள் எல்லாம் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. வலம் செல்லும் அலையும் இடம் திரும்பும் அலையும் சம அளவில் கலந்து, எங்கும் நகராத நிலை அலை உண்டாகிறது. அந்தத் திசையில் எலக்ட்ரானின் வேகம் சுழி.

நிலை அலை அமைய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றில் எலக்ட்ரான் பெரும்பாலும் அணுக்களின் மீது குவிகிறது. மற்றதில் அணுக்களுக்கு நடுவே குவிகிறது. நேர்மின் அயனிகளுக்கு அருகில் இருப்பதற்கும் விலகி இருப்பதற்கும் ஆற்றல் வேறு. அதனால் முன்பு ஒன்றாக இருந்த ஆற்றல் இரண்டாகப் பிளக்கிறது. நடுவில் எந்த அலைக்கும் இடமில்லாத ஓர் இடைவெளி உருவாகிறது. ஆற்றல் இடைவெளி பிறக்கும் இடம் இதுதான்.

இப்போது கால்சியத்தின் புதிருக்கு வரலாம். N அணுக்கள் கொண்ட ஒரு துண்டில், மண்டலத்துக்குள் சரியாக N அலைகளுக்கே இடம் உண்டு. ஒவ்வொன்றிலும் எதிரெதிர்ச் சுழற்சி கொண்ட இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கலாம். அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் என்றால் மண்டலம் முழுதும் நிரம்பிவிடும். நிரம்பிய மண்டலம் மின்சாரம் கடத்தாது. மின்புலம் எல்லா எலக்ட்ரான்களையும் ஒரு பக்கம் தள்ளினாலும், வல விளிம்பைத் தாண்டுவது இட விளிம்பில் நுழைகிறது. இரு விளிம்புகளும் ஒரு G தொலைவில் இருப்பதால் அவை ஒரே அலைகள்தாம். ஆகவே நிரம்பியது நிரம்பியபடியே இருக்கும். வலமும் இடமும் செல்பவை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

இந்தக் கணக்கு மறந்துவிடுவது ஒன்று உண்டு: எலக்ட்ரான்கள் குறைந்த ஆற்றலிலிருந்து நிரம்புகின்றன. இடைவெளி மிகச் சிறியதாக இருந்தால் சம ஆற்றல் கோடு ஒரு வட்டம். a = 0.38 நானோமீட்டருக்கு, கட்டற்ற எலக்ட்ரானாகக் கணக்கிட்டால் X புள்ளியின் ஆற்றல் ஏறத்தாழ 2.6 எலக்ட்ரான் வோல்ட். மூலையான M புள்ளியில் அதைப்போல் இரண்டு மடங்கு, 5.2. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்றால் வட்டத்தின் பரப்பு சதுரத்தில் பாதி. அதன் ஆரம் 0.80 × π/a, முழுதும் சதுரத்துக்குள் அடங்கும். அணுவுக்கு இரண்டு என்றால் வட்டத்தின் பரப்பு சதுரத்தின் பரப்புக்குச் சமம், ஆரம் 1.13 × π/a. பக்கங்களின் நடுவே வட்டம் வெளியே வழிகிறது. மூலைகளோ 1.41 × π/a தொலைவில் காலியாகக் கிடக்கின்றன. காம்பஸால் வரைந்தால் கண்ணுக்கே தெரியும். காலி மூலைகளும் அடுத்த மண்டலத்தில் வழிந்த எலக்ட்ரான்களும் இருப்பதால் பொருள் உலோகமாகிறது.

இடைவெளி பெரிதானால் நிலைமை மாறும். X புள்ளிக்கு மேலே போவதைவிட மூலைக்குப் போவதே ஆற்றலில் மலிவு என்றாகிவிட்டால், எலக்ட்ரான்கள் மூலைகளையும் நிரப்பிவிடும். பொருள் காப்பானாகும். நம் எடுத்துக்காட்டில் அதற்கு இடைவெளி ஏறத்தாழ X, M ஆற்றல்களின் வித்தியாசமான 2.6 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்காவது வளர வேண்டும். கால்சியத்தின் உண்மையான மண்டலம் சதுரமல்ல. ஆறு சதுரங்களும் எட்டு அறுகோணங்களும் சூழ்ந்த ஒரு பன்முகி. ஆனால் அது உலோகமாக இருப்பதன் காரணம் இதேதான்: கீழ்ப் பட்டையின் உச்சியும் மேல்ப் பட்டையின் அடியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன.

இந்தப் படத்துக்கு ஓர் எல்லை உண்டு. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதை அது கணக்கில் எடுப்பதில்லை. லாந்தனம் செம்பு ஆக்சைடில் மண்டலம் பாதிதான் நிரம்புகிறது, எனவே உலோகமாக இருக்க வேண்டும் என்று இந்தக் கணக்கு சொல்லும். அதுவோ காப்பான். அங்கே எலக்ட்ரான்களை நகரவிடாமல் தடுப்பது மண்டல விளிம்பு அல்ல, அவற்றுக்குள் இருக்கும் கடும் விலக்கு விசை.

எனவே ஒரு திண்மத்தின் மண்டலத்தைப் பார்க்கும்போது விளிம்பைச் சுவர் என்று நினைக்காதீர்கள். அலைகள் தாமே பிரதிபலித்து நிற்கும் இடம் அது. எலக்ட்ரான்கள் நிரம்பிய பகுதி அந்த இடத்தைத் தொடுகிறதா, தாண்டுகிறதா, அங்கே ஆற்றல் எவ்வளவு பிளக்கிறது என்ற கேள்விகளைக் கேளுங்கள். எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கு வலுவாக இல்லாத பொருள்களில், அது உலோகமா காப்பானா என்பதை இந்தக் கேள்விகளே முடிவுசெய்கின்றன.