ஸ்டியரிங்கிலிருந்து சூப்பர்வைசர் சீட்டுக்கு... உங்க நோட்டுல என்ன இருக்கு?

துறையூர்ல இருந்து தினமும் திருச்சிக்குப் பார்சல் வண்டி ஓட்டுறீங்கன்னு வெச்சுக்குவோம். ஆபீஸ்ல ஃப்ளீட் சூப்பர்வைசர் வேலை காலியாகுது. போய்க் கேட்கிறீங்க. ''ஆக்ஸிடென்ட் இல்லாம எவ்வளவு கிலோமீட்டர் ஓட்டியிருக்கீங்க?'' என்று மேனேஜர் கேட்கிறார். ''இதுவரைக்கும் ஒண்ணுமே ஆனதில்ல சார்'' என்பீர்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனா, அதுக்கு ஆதாரம்?

சிக்கல் இங்கேதான். உங்க உழைப்போட கணக்கெல்லாம் வேற யார் பேரிலோ இருக்கு. ஓடோமீட்டர் வண்டியோடது, அதே வண்டியை இன்னும் ரெண்டு பேர் ஓட்டியிருப்பாங்க. ஜி.பி.எஸ் ரிப்போர்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில். க்ளைம் இல்லாமல் ஓட்டினால் இன்ஷூரன்ஸில் கிடைக்கும் போனஸ்கூட ஓனருக்குத்தான். உங்க பேரில் இருப்பது லைசென்ஸ் மட்டும். echallan.parivahan.gov.in தளத்தில் லைசென்ஸ் நம்பரைப் போட்டு அபராதம் ஏதும் இருக்கான்னு பார்க்கலாம். ஆனால், கேமரா பிடிக்கிற அபராதம் வண்டி நம்பருக்குத்தான் வரும். அன்னிக்கு ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தது நீங்களா, ஷிப்ட் மாத்திக்கிட்ட நண்பரா? அதைச் சொல்ல உங்க கையில ஒரு நோட்டு வேணும்.

நோட்டுல பெருசா ஒண்ணும் எழுத வேண்டாம். தேதி, வண்டி நம்பர், எடுத்தப்போ மீட்டர், விட்டப்போ மீட்டர், போன ரூட். முடிஞ்சா மீட்டரை போன்ல ஒரு போட்டோ. துறையூர் - திருச்சி போய்வர சுமார் 90 கிலோமீட்டர். வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினால் 27,000. மூணு வருஷ நோட்டு இருந்தால் 81,000 கிலோமீட்டர் உங்க பேரில் நிற்கும்.

நடுவுல ஒரு இடி பட்டிருந்தா? மறைக்காதீங்க. அதை எப்படி எழுதியிருக்கீங்க என்பதில்தான் சூப்பர்வைசர் தெரிவார். மண்ணச்சநல்லூரில் பின்னாடி வந்த வண்டி உங்களை இடிச்சதுன்னு வைங்க. தப்பு அவர் மேலதான். ஆனா, முன்னாடி போன ஆட்டோவை ஒட்டியே போய் நீங்க சடன் பிரேக் போட்டிருந்தா, அது 'தவிர்த்திருக்கக்கூடிய விபத்து'. ஓரமா, இண்டிகேட்டர் போட்டு ஒழுங்கா நின்னிருந்தப்போ இடிச்சிருந்தா, தவிர்க்க முடியாதது. யார் தப்பு என்பது போலீஸ் கேள்வி. தவிர்த்திருக்கலாமா என்பது ஃப்ளீட் கேள்வி. அமெரிக்காவின் யு.பி.எஸ் நிறுவனம், தவிர்க்கக்கூடிய விபத்தே இல்லாமல் 25 வருஷம் ஓட்டின டிரைவர்களுக்குத் தனி கௌரவப் பட்டியலே வெச்சிருக்கு.

அடுத்து டீசல் மைலேஜ். டேங்க்கை ஃபுல் பண்ணி மீட்டரை எழுதுங்க. அடுத்த தடவை ஃபுல் பண்றப்போ 420 கிலோமீட்டர் ஓடியிருக்கு, 28 லிட்டர் பிடிச்சிருக்கு என்றால், லிட்டருக்கு 15. இதுல ஒரு கண்ணி இருக்கு. உப்பிலியபுரம், சோபனபுரம் வழியா பச்சைமலை ஏறின வாரத்தில் இதே வண்டி கம்மியாத்தான் கொடுக்கும். மலை டிரிப்பைத் தனியா எழுதலைன்னா, நல்லா ஓட்டினவருக்குத்தான் கெட்ட பேரு. நாளைக்கு நீங்க பத்து டிரைவர்களின் மைலேஜை ஒப்பிடும்போதும் இதை மறந்துடாதீங்க!

ரூட் விஷயத்துக்கு வருவோம். ''எல்லா ரூட்டும் தெரியும்'' என்று சொன்னால் யாரும் அசரமாட்டாங்க. மேப் எல்லார் போனிலும் இருக்கு. எந்த நேரத்துல எந்த ரோடு மாறும் என்பதுதான் உங்க சரக்கு. துறையூரிலிருந்து போனால் நம்பர் 1 டோல்கேட் தாண்டி கொள்ளிடத்தைக் கடந்தாலே ஸ்ரீரங்கம் தீவு. திருச்சி டவுனுக்குக் காவிரியையும் கடக்கணும். 2022 நவம்பரில் காவிரிப் பாலத்தை சீரமைப்புக்காக மூடினப்போ, கார், வேன் எல்லாம் பைபாஸ் வழியா சுத்திப் போச்சு. அப்போ எவ்வளவு நேரம் கூடுச்சுன்னு எழுதி வெச்சவருக்கு, அடுத்த முறை டைம் டேபிள் போடறது சுலபம்.

ஒரே ரூட்டுக்குக் காலை 7, காலை 10, மாலை 6 மணின்னு மூணு நேரத்துக்கும் ஆன நிமிஷங்களை ஒரு மாசம் எழுதிப் பாருங்க. பக்கத்துல நடைமுறைக் குறிப்புகள்: எந்தத் தெருவில் வேன் திரும்பாது, எங்கே சிக்னல் போகும், சமயபுரத்துக்கு பக்தர்கள் நடந்து போகும் நாளில் எங்கே வேகத்தைக் குறைக்கணும்.

இந்த நோட்டோட மேனேஜர் முன்னால உட்காருங்க. ''வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு ஸ்ரீரங்கத்துக்கு 40 பார்சல் இருக்கு, என்ன பண்ணுவீங்க?'' என்று அவர் கேட்கலாம். சொர்க்கவாசல் விடியற்காலையில் திறக்கும். கூட்டம் முந்தின ராத்திரியே வந்துடும். அதனால 'அதிகாலையில அனுப்புவேன்' என்பது தப்பான பதில். முந்தின நாள் மதியத்துக்குள்ள முடிக்கணும். மிஞ்சினதை, போலீஸ் எங்கே தடுப்பு போட்டிருக்காங்கன்னு பார்த்து, அதுக்கு வெளியே வேனை நிறுத்தி டூவீலரிலோ நடந்தோ கொடுக்கணும். மேனேஜர் இதைக் கேட்டுட்டு, ''யாரை அனுப்புவீங்க?'' என்பார். அதுக்குப் பேரோட பதில் சொல்ல, மத்த டிரைவர்கள் எப்படி ஓட்டுறாங்கன்னும் இப்பவே கவனிச்சு வெச்சிருக்கணும்.