பயிற்சியைச் சொல்லும் ஒரு வரி

கட்டுமான நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் சிவில் மாணவர்கள் பலரின் ரெஸ்யூமேயில் "இரண்டு வாரம் தளப் பயிற்சி பெற்றேன்" என்ற ஒற்றை வரியே இருக்கும். அங்கே என்ன செய்தார் என்பது அதில் இல்லை.

அதையே இப்படி எழுதலாம்: "எம்25 கான்கிரீட்டின் ஸ்லம்ப் சோதனையைப் பார்த்துக் குறிப்பெடுத்தேன், 150 மி.மீ. கனசதுரங்கள் வார்க்க உதவினேன். 7ஆம் நாள் அழுத்தச் சோதனை முடிவுகளைப் பதிவு செய்தேன்." பார்த்தது எது, கைப்படச் செய்தது எது என்று பிரிந்து தெரிகிறது.

நேர்காணல் கேள்வியும் இந்த வரியிலிருந்தே பிறக்கும். 28 நாளில் எவ்வளவு வலிமை வேண்டும்? சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன். 7ஆம் நாளில் ஏறத்தாழ அதில் மூன்றில் இரண்டு பங்கு.

ஒரு நாள் ஆலைப் பார்வையைப் 'பயிற்சி' என்று எழுதியவர் இங்கேதான் தடுமாறுவார். அதைத் தேதியோடு தனித் தலைப்பில் குறிப்பிடுவதே சரி.