ஏழெழுத்துக்கு 42 பைட்

‘வீட்டிலிருந்து’ என்ற சொல்லில் நம் கணக்குப்படி ஏழு எழுத்துகள். கணினியின் கணக்கு வேறு. யூனிகோடில் ‘வீ’ என்பது வகரமும் ஈகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். ‘ட்’ என்பது டகரமும் புள்ளியும். இப்படி அந்தச் சொல்லில் 14 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுப்பதால் மொத்தம் 42 பைட். ஆங்கிலத்தில் இதையே ‘ஃப்ரம் த ஹவுஸ்’ என்று எழுதினால், இடைவெளிகளோடு சேர்த்து 14 பைட்தான்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் படிப்பது இந்தப் பைட்களைச் சேர்த்துக் கட்டிய டோக்கன்களை. பயிற்சிக்கென்று குவித்த உரையில் எந்தப் பைட்கள் அடிக்கடி அடுத்தடுத்து வருகின்றனவோ, அவற்றை இணைத்து ஒரே டோக்கனாக்குவார்கள். பட்டியல் நிரம்பும்வரை இது தொடரும். குவியலில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால் அதன் சாதாரணச் சொற்கள் முழுசாகவே இடம்பிடித்துவிடும். தமிழுக்கு மிஞ்சுவது துண்டுகள். போதாக்குறைக்கு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டையும் என்று ஒரே சொல் பல உருவம் எடுப்பதால், எந்த உருவமும் தனியாக இடம்பிடிக்கும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வருவதில்லை. சில நேரம் வெட்டு ஓர் எழுத்தின் நடுவிலேயே விழும். பாதியில் நின்ற பதிலின் கடைசியில் கேள்விக்குறி போட்ட கருப்புக் கட்டம் தெரிந்தால், அது பெரும்பாலும் இந்த வெட்டுதான்.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓபன்ஏஐ ஒரு சிறிய அறிமுக வாசகத்தைப் பல மொழிகளில் எண்ணிக் காட்டியது. பழைய பட்டியலில் அது ஆங்கிலத்தில் 27 டோக்கன், தமிழில் 116. கட்டணம் டோக்கன் கணக்கில் என்பதால், அதே செய்திக்குத் தமிழில் நான்கு மடங்குக்கும் மேல் செலவு. பதிலும் டோக்கன் டோக்கனாகவே உருவாவதால் காத்திருக்கும் நேரமும் கூடும்.

மாதிரி ஒரே சமயத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளும் அளவும் டோக்கனில்தான். தொடக்ககால ஜிபிடி-4இன் ஒரு வடிவத்துக்கு அந்த எல்லை 8,192. அந்த வாசகத்தை ஆங்கிலத்தில் சுமார் 300 முறை அதில் அடக்கலாம். தமிழில் 70 முறைதான். நீண்ட தமிழ் உரையாடலில் முதலில் சொன்னதை மாதிரி சீக்கிரமே மறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிபிடி-4ஓவின் பட்டியல் ஏறத்தாழ இரு மடங்கு பெரிது; ஒரு லட்சம் டோக்கன்கள் இரண்டு லட்சமாயின. அதனால் தமிழ் வாசகம் 35 டோக்கனுக்கு இறங்கியது. ஆங்கிலம் 24. இடைவெளி குறைந்ததே தவிர மறையவில்லை. பட்டியல் பயிற்சிக்கு முன்பே முடிவாகிவிடுவதால், பழைய மாதிரியில் இதை எளிதில் மாற்றவும் முடியாது.

எனவே விலைப்பட்டியலில் பத்து லட்சம் டோக்கனுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து இரண்டு மாதிரிகளை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். தமிழ்ப் பக்கம் ஒன்றை இரண்டிலும் கொடுத்து, எத்தனை டோக்கன் ஆகிறதென்று எண்ணி, அதை விலையோடு பெருக்க வேண்டும். விலை குறைந்த மாதிரி தமிழை அதிகமாக நறுக்கினால் மொத்தச் செலவு கூடிவிடும்.